4 முட்டைக்குப் பதில் 8 மஞ்சள் கரு போட்டேன், கேக் களி மாதிரி வந்தது. எங்கே தப்பு?

மஞ்சக்குப்பம்_அடுப்பு · சனி, இரவு 9.40

வணக்கம். கடலூரில் வீட்டிலிருந்தபடியே சின்ன அளவில் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். பண்ருட்டி முந்திரி கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் முந்திரி மக்ரூன்தான் அதிகம் போகிறது. மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டும்தான் தேவை. ஒரு ஆர்டர் முடிந்தால் கிண்ணத்தில் 12 மஞ்சள் கரு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எத்தனை நாள்தான் அதைப் பொரியலில் கலப்பது?

இணையத்தில் ஒரு இடத்தில் "ஒரு முழு முட்டைக்குப் பதில் இரண்டு மஞ்சள் கரு" என்று இருந்தது. என் பட்டர் கேக் கணக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 200, சர்க்கரை 200, பெரிய முட்டை 4. அந்த 4 முட்டையை விட்டுவிட்டு 8 மஞ்சள் கரு போட்டேன். மாவு பார்க்க அருமையாக இருந்தது, மழமழவென்று வெண்ணெய்க் குழம்பு மாதிரி, நல்ல மஞ்சள் நிறம். 170 டிகிரியில் 45 நிமிடம். வெளியே எடுத்தால் மேலே கருத்துப்போன பழுப்பு, உயரம் வழக்கத்தில் பாதி. வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வைத்த பேப்பர் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ருசி மோசமில்லை, ஆனால் கேக் என்று சொல்லி யாருக்கும் கொடுக்க முடியாது.

பேக்கிங் பவுடர் புதுசு. அவனிலும் கோளாறு இல்லை, அதே நாளில் வைத்த பன் நன்றாக வந்தது.

பாதி_பேக்கர் · சனி, இரவு 10.05

அக்கா, ஒன்றுக்கு இரண்டு என்பது சரியான கணக்குதான். நான் பிஸ்கட்டுக்கு எப்போதும் அப்படித்தான் போடுகிறேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. உங்களுக்கு வெந்தது போதாமல் இருந்திருக்கும். இன்னும் 10 நிமிடம் விட்டிருந்தால் சரியாகியிருக்கும். இல்லையென்றால் பேக்கிங் பவுடரை அரை ஸ்பூன் கூட்டிப் பாருங்கள்.

ஓய்வூதியர்_வில்லியனூர் · சனி, இரவு 10.30

அம்மா, மஞ்சள் கருவை எதற்கு இவ்வளவு சேர்க்கிறீர்கள்? எனக்கு டாக்டர் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. நான் காலையில் இரண்டு வெள்ளைக்கரு ஆம்லெட், மிளகு போட்டு.

மஞ்சக்குப்பம்_அடுப்பு · சனி, இரவு 10.41

ஐயா, சாப்பிட அல்ல, விற்க. வெள்ளைக்கருவெல்லாம் மக்ரூனில் போய்விட்டது, மிச்சம் இருப்பதுதான் பிரச்சினையே :)

தம்பி, 45 நிமிடம் அதிகமே. ஓரம் ஏற்கெனவே கருகத் தொடங்கிவிட்டது. குச்சி குத்திப் பார்த்தபோது மாவு ஒட்டவில்லை, எண்ணெய்தான் ஒட்டியது.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, காலை 6.15

"மாவு ஒட்டவில்லை, எண்ணெய்தான் ஒட்டியது" என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. வேகாத கேக் அல்ல இது. தண்ணீர் போதாமல் கொழுப்பு கூடிய கேக்.

எனக்குப் புதுச்சேரியில் அடுமனை வேலையில் 22 வருஷம் ஆகிறது. முட்டையை எண்ணிப் போடுவதை நிறுத்தி எடை போடத் தொடங்கியது பத்தாவது வருஷத்தில்தான், அதுவும் இதே மாதிரி ஒரு தட்டு கேக்கைக் குப்பையில் கொட்டிய பிறகு. முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் முட்டை ஓட்டோடு எத்தனை கிராம்? உடைத்தபின் மஞ்சள் எத்தனை, வெள்ளை எத்தனை? ஒரு நாலைந்தை நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

மஞ்சக்குப்பம்_அடுப்பு · ஞாயிறு, காலை 8.20

நிறுத்துவிட்டேன் அண்ணா. கடையில் வாங்கும் சாதாரண வெள்ளை முட்டை. ஐந்து முட்டை ஓட்டோடு 47, 49, 51, 48, 50. சராசரி 49. உடைத்தால் ஓடு 6 போக 43. வெள்ளை 28, மஞ்சள் 15. இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஆச்சரியம்.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, காலை 9.02

நல்லது. இப்போது உங்கள் குறிப்பில் "பெரிய முட்டை 4" என்று இருக்கிறதே, அது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்பாக இருக்கும். அங்கே பெரிய முட்டை என்றால் ஓட்டோடு 57 கிராம் அளவு, ஓடு நீக்கி 50. ஆக 4 முட்டை என்றால் குறிப்பு எழுதியவர் மனதில் இருப்பது 200 கிராம். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் 200. உங்கள் கடை முட்டை 4 போட்டால் 172 கிராம்தான் வரும். முழு முட்டையே போட்டாலும் நீங்கள் இதுவரை அரை முட்டைக்கு மேல் குறைவாகத்தான் போட்டு வந்திருக்கிறீர்கள்.

ஐரோப்பியக் குறிப்பு என்றால் இன்னும் மாறும். அங்கே "பெரியது" என்பது ஓட்டோடு 63 முதல் 73 கிராம். நம் கடை முட்டை அவர்களுடைய நடுத்தர அளவுக்கே எட்டாது. அதனால் "எத்தனை முட்டை" என்று எழுதியிருந்தால் முதலில் குறிப்பு எந்த நாட்டுடையது என்று பாருங்கள்.

அப்புறம் உங்கள் 8 மஞ்சள் கரு. 8 × 15 = 120 கிராம். 200 இருக்க வேண்டிய இடத்தில் 120. குறைந்த 80 கிராம் என்ன என்பதுதான் விஷயம். முழு முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். 200 கிராம் முட்டை போட்டால் 150 கிராம் தண்ணீர் மாவுக்குள் போகும். மஞ்சள் கருவில் பாதிதான் தண்ணீர். 120-இல் 60. ஆக 90 கிராம் தண்ணீர் உங்கள் மாவுக்குள் போகவே இல்லை. மாவு மழமழவென்று இருந்ததை நீங்கள் நல்லது என்று நினைத்தீர்கள். அது வெண்ணெயும் மஞ்சள் கருவும் சேர்ந்த மழமழப்பு. மைதா ஊறி வேகவும், நீராவி கிளம்பி மாவைத் தூக்கவும் தண்ணீர் இல்லை.

கொழுப்பு இன்னொரு பக்கம். முழு முட்டையில் பத்தில் ஒரு பங்கு, 200-க்கு 20 கிராம். மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல், 120-க்கு 32 கிராமுக்குக் குறையாது. ஏற்கெனவே 200 கிராம் வெண்ணெய் இருக்கும் மாவு அது. பேப்பர் கண்ணாடி மாதிரி ஆனது அதனால்தான். பேக்கிங் பவுடரைக் கூட்டினால் ஏறி விழும், அவ்வளவே.

பாதி_பேக்கர் · ஞாயிறு, காலை 9.40

அப்போ என் பிஸ்கட் எப்படி நன்றாக வருகிறது? ஒரு முட்டைக்கு இரண்டு மஞ்சள்தான் போடுகிறேன்.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, காலை 10.10

உங்கள் பிஸ்கட் மாவில் எத்தனை மைதா?

பாதி_பேக்கர் · ஞாயிறு, காலை 10.13

300 கிராம். முட்டை ஒன்று.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, காலை 10.30

அதுதான். 300 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை என்றால் மொத்தத்தில் முட்டையின் பங்கு சொற்பம். தண்ணீர் 15, 20 கிராம் குறைந்தாலும் பிஸ்கட் கண்டுகொள்ளாது. பிஸ்கட்டுக்குத் தண்ணீர் குறைவது நல்லதும்கூட, உடைந்து கரையும். பட்டர் கேக்கில் மைதாவும் முட்டையும் சரிக்குச் சரி. அங்கே அதே விதியை நாலு மடங்காக்கினால் தவறும் நாலு மடங்காகும். நீங்கள் சொன்னது தப்பில்லை தம்பி, இடம்தான் வேறு. "ஒன்றுக்கு இரண்டு மஞ்சள், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்" என்பதுதான் முழு விதி. இணையத்தில் எழுதுகிறவர்கள் அந்தத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள்.

முத்தியால்பேட்டை_பேத்தி · ஞாயிறு, பகல் 12.20

இழை சுவாரசியமாகப் போகிறது. எங்கள் பாட்டி கேக் போடும்போது தராசின் ஒரு தட்டில் நாலு முட்டையை ஓட்டோடு வைப்பார். மறு தட்டில் முட்டைக்குச் சமமாகச் சர்க்கரை, அடுத்து வெண்ணெய், அடுத்து மைதா. படிக்கல்லே கிடையாது. அந்தக் கேக்குக்கு வீட்டில் பெயர் "கத்ர் கார்". பிரெஞ்சில் நாலு கால் பங்கு என்று அர்த்தம் என்பதே எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். முட்டை சின்னதோ பெரிதோ, பாட்டிக்குக் கவலையே இருக்காது.

என் பிரச்சினை கடலூர் அக்காவுக்கு நேர் எதிர். நான் க்ரெம் ப்ருலே செய்வேன், அதற்கு மஞ்சள் மட்டும். வெள்ளை மிஞ்சும். போன மாதம் கத்ர் காரில் முட்டைக்குப் பதில் அதே எடைக்கு முழுக்க வெள்ளைக்கரு போட்டேன். எடை சரியாக 200. இருந்தும் கெட்டது. வெண்ணெய் சர்க்கரை அடித்து வெள்ளைக்கருவை ஊற்ற ஊற்ற, பால் திரிந்த மாதிரி குருணை குருணையாகப் பிரிந்துவிட்டது. வெந்ததும் நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி வெடித்தது. அன்றைக்குச் சுமார். மறுநாள் காய்ந்த பிரட்.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, பிற்பகல் 3.05

பாட்டியின் தராசுக்கு ஒரு கும்பிடு. அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

உங்கள் கேக்கில் எடை சரி, உள்ளே இருப்பது சரியில்லை. வெள்ளைக்கரு கிட்டத்தட்ட நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். 200 கிராம் வெள்ளை போட்டால் தண்ணீர் 176. முழு முட்டையைவிட 26 கிராம் அதிகம், 20 கிராம் கொழுப்பு காணோம். மறுநாள் காய்ந்ததற்குக் காரணம் அந்தக் கொழுப்பு போனதுதான். தண்ணீர் கூடினால் கேக் ஈரமாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அடுப்பிலேயே போய்விடும், மிச்சத்தை வெந்து இறுகிய வெள்ளைக்கரு பிடித்துக்கொண்டு மெல்லும்போது ரப்பராக்கும். 

மாவு திரிந்தது வேறு காரணம். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின்தான் வெண்ணெயையும் தண்ணீரையும் கைகோத்து நிற்க வைக்கிறது. கடலூர் அம்மாவின் மாவு மழமழவென்று இருந்ததும் அதனால்தான், அங்கே லெசித்தின் ஏராளம். உங்களிடம் அது இல்லாமல் தண்ணீர் மட்டும் அதிகம். கிண்ணத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்: மழமழப்பு மிஞ்சினால் மஞ்சள் அதிகம், குருணை விட்டால் வெள்ளை அதிகம்.

வெள்ளைக்கருவைப் பயன்படுத்த வேண்டும் என்றால் பாதியோடு நிறுத்துங்கள். 100 கிராம் முழு முட்டை அப்படியே இருக்கட்டும். மீதி 100-க்குப் பதில் 85 கிராம் வெள்ளை, 10 கிராம் எண்ணெய். தண்ணீரும் கொழுப்பும் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வந்துவிடும். முழு முட்டையை முதலில் சேர்த்துவிட்டு, வெள்ளையைக் கடைசியில் இரண்டு இரண்டு ஸ்பூனாக, நடுநடுவே ஒரு ஸ்பூன் மைதா தூவி அடியுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளையை அப்படியே ஊற்றாதீர்கள். வெண்ணெய் சட்டென்று கெட்டியாகி அங்கேயே பிரியும்.

மஞ்சக்குப்பம்_அடுப்பு · ஞாயிறு, பிற்பகல் 3.30

அண்ணா, அதே மாதிரி எனக்கும் ஒரு கணக்கு சொல்லுங்கள். புதன்கிழமை மறுபடி மக்ரூன் ஆர்டர், மறுபடி 12 மஞ்சள்.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, பிற்பகல் 4.00

உங்களுக்கும் பாதிதான். 100 கிராம் முழு முட்டை, 70 கிராம் மஞ்சள் கரு, 30 கிராம் பால். வெண்ணெயில் 12 கிராம் எடுத்துவிடுங்கள், 188 போதும். 70 கிராம் மஞ்சளில் அந்தக் கூடுதல் கொழுப்பு வந்துவிடும். மாவு இறுக்கமாகத் தெரிந்தால் பாலை 40 வரை கொண்டுபோகலாம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒரு நொடி தயங்கி விழ வேண்டும், அது கணக்கு.

சீக்கிரம் பழுப்பேறும். 160-க்கு இறக்கிவிட்டு 35-ஆவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள்.

திருப்பாப்புலியூர்_கோழி · ஞாயிறு, மாலை 6.45

கடை முட்டைக்குச் சரி. நான் வீட்டில் 14 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். என் முட்டை 38 கிராமிலிருந்து 46 வரை எல்லா அளவிலும் வருகிறது. உடைத்தால் மஞ்சள் பெரிதாகவே தெரிகிறது. உங்கள் 28, 15 கணக்கு என் முட்டைக்கு ஒத்துவருமா?

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, இரவு 7.20

வராது. முழு முட்டையாகப் போடுவதென்றால் கவலை இல்லை, ஓடு நீக்கி 200 கிராம் வரும்வரை உடைத்துக்கொண்டே போங்கள், ஐந்தோ ஆறோ. நாட்டு முட்டையில் மஞ்சளின் பங்கு கூடுதல் என்பதால் கேக் கொஞ்சம் கனமாக வரும், அவ்வளவுதான். ஆனால் பிரித்துப் போடுவதென்றால் ஒவ்வொரு தடவையும் தராசில் வைத்தே ஆக வேண்டும்.

திருப்பாப்புலியூர்_கோழி · ஞாயிறு, இரவு 8.10

இப்போதே நிறுத்தேன். மூன்று வயசுக் கோழி முட்டை 44: மஞ்சள் 15. புதுசாக முட்டை விடத் தொடங்கிய விடை முட்டை 38: மஞ்சள் 10 மட்டும்! ஒரே கூடு, ஒரே தீனி. நாட்டு முட்டை என்றால் மஞ்சள் பெரிசு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நானே இனி நிறுத்த வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். கேக்கில் முட்டைக் கவிச்சி வராமலிருக்க மஞ்சள் கருவின் மேல் தோலை எடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். சல்லடையில் வடிகட்டி எடுப்பாள். உண்மையா?

முத்தியால்பேட்டை_பேத்தி · ஞாயிறு, இரவு 8.35

எங்கள் வீட்டிலும் எடுப்பார்கள். வித்தியாசம் தெரிகிறது.

புதுவை_பழைய_அடுப்பு · ஞாயிறு, இரவு 9.00

எனக்குத் தெரியவில்லை, வித்தியாசமும் தெரிந்ததில்லை. அதிகம் வெந்தால் கவிச்சி வரும், அந்தக் கந்தக வாடை பெரும்பாலும் வெள்ளைக்கருவிலிருந்து வருவது. வடிகட்டினால் கட்டி இல்லாமல் சீராக இருக்கும், அதற்காக வடிகட்டலாம். மற்றபடி உங்கள் வீட்டம்மாவிடம் வாதாடி நான் ஜெயிக்கப் போவதில்லை.

ஓய்வூதியர்_வில்லியனூர் · திங்கள், காலை 7.00

வாத்து முட்டை போடலாமா? கடைத்தெருவில் பெரிசு பெரிசாக வந்திருக்கிறது.

புதுவை_பழைய_அடுப்பு · திங்கள், காலை 7.45

ஐயா, டாக்டர் என்ன சொல்வார்? :) போடலாம். அதில் மஞ்சள் கோழி முட்டையைவிடப் பெரிது, கொழுப்பும் கூடுதல். எண்ணிக்கையைப் பார்க்காமல் 200 கிராம் என்று நிறுத்துப் போட்டால் கேக் வரும். வாசனை பிடிக்குமா என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

மஞ்சக்குப்பம்_அடுப்பு · வியாழன், இரவு 8.50

செய்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு முழு முட்டை உடைத்தேன், 87 கிராம். 100 ஆக வேண்டும். மூன்றாவதை உடைத்துத் தனிக் கிண்ணத்தில் ஃபோர்க்கால் நன்றாக அடித்து, தராசைப் பார்த்துக்கொண்டே 13 கிராம் மட்டும் ஊற்றினேன். முதலில் அடிக்காமல் ஊற்றப் போய் வெள்ளை கயிறு மாதிரி மொத்தமாக வழுக்கி விழப் பார்த்தது, ஒரு சிட்டிகை உப்பு போட்டு அடித்ததும் ஒழுங்காக இறங்கியது. மிச்சத்தில் மறுநாள் பையனுக்கு ஆம்லெட்.

மஞ்சள் ஐந்து எடுத்தேன், 73 கிராம். மூன்று கிராமுக்காக இன்னொரு கணக்கு போடவில்லை. பால் 30. வெண்ணெய் 188. கரண்டியில் சாய்த்தால் மாவு விழவே இல்லை, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் 10 கிராம் பால் சேர்த்ததும் தயங்கித் தயங்கி விழுந்தது. நம் ஊர் வெயிலுக்கு வெண்ணெய் உருகிவிடும் என்று மின்விசிறிக்குக் கீழே, ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துத்தான் அடித்தேன். முதல் தடவை இதைச் செய்யவில்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

160-இல் 48 நிமிடம். உயரம் வழக்கத்தைவிட ஒரு விரல் குறைவு. பேப்பரில் எண்ணெய் இல்லை. வெட்டினால் உதிராமல் சுத்தமாக வெட்டுகிறது. நெருக்கமான துளை, பழைய பேக்கரி கேக் மாதிரி. எனக்கு முழு முட்டைக் கேக்கைவிட இதுதான் பிடித்திருக்கிறது. என் கணவர் "கனமாக இருக்கிறது" என்றார், ஆனால் மூன்று துண்டு போனது.

பாதி_பேக்கர் · வியாழன், இரவு 9.15

படம் போடுங்க அக்கா. அப்புறம், பாட்டி மாதிரி ஓட்டோடு நிறுத்தால் ஓட்டின் எடைக்கு முட்டை குறையுமே, அது பரவாயில்லையா?

முத்தியால்பேட்டை_பேத்தி · வியாழன், இரவு 9.32

நாலு முட்டை ஓட்டோடு 196 என்றால் உள்ளே 172. பாட்டி கேக் எனக்குத் தெரிந்து காய்ந்ததே இல்லை. ஆனால் பாட்டி கடைசியில் ஒரு மூடி ரம் ஊற்றுவார், அதை யாரும் கணக்கில் எழுதியதில்லை.

புதுவை_பழைய_அடுப்பு · வியாழன், இரவு 9.50

ஒரு மூடியால் 24 கிராம் ஈடாகாது. நான் ஓடு நீக்கித்தான் நிறுப்பேன். பாட்டியின் கேக்கைச் சாப்பிடாமல் இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கடலூர் அம்மா, மிச்சம் 7 மஞ்சளை என்ன செய்தீர்கள்?

மஞ்சக்குப்பம்_அடுப்பு · வியாழன், இரவு 10.04

டப்பாவில் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஃப்ரீசரில் போட்டால் அடுத்த வாரம் ஆகுமா?

புதுவை_பழைய_அடுப்பு · வியாழன், இரவு 10.12

அப்படியே போட்டால் உருகிய பிறகும் ஜெல்லி மாதிரி கட்டியாகவே நிற்கும், மாவில் கலக்காது. தண்ணீரை வடித்துவிட்டு, 100 கிராம் மஞ்சளுக்கு 10 கிராம் சர்க்கரை போட்டு அடித்துப் பிறகு உறைய வையுங்கள். டப்பா மேல் எடையையும் சர்க்கரை அளவையும் எழுதி ஒட்டுங்கள், கேக் போடும் அன்றைக்கு அந்தச் சர்க்கரையைக் கழித்துக்கொள்ளலாம். வெள்ளைக்கருவுக்கு இந்த வம்பே இல்லை, அப்படியே உறைய வைக்கலாம்.